ஆல்பம் லிங்க் யார் கையில்? வீடு இருக்கும் இடம் அதில் தெரிகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

காரைக்குடியில் கல்யாணம், மணிவிழா, காதுகுத்து என்று விசேஷங்களுக்குப் படம் எடுத்து ஆல்பமாக்கித் தருவது என் தொழில். முன்பெல்லாம் தடிமனான ஆல்பத்தைக் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது. இப்போது சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு லிங்க் போக வேண்டும். லிங்க் போன பிறகு வரும் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததில் ஒரு வரிசை கிடைத்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலையில் என்னைக் கவனமாக்கியது ஒரு மணிவிழா ஆல்பம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டியிருக்கும், பார்த்துக்கொள்ள வயதான ஒருவர் மட்டும் இருக்கிறார். விசேஷம் முடிந்து எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து யாரோ ஒருவர் வண்டியில் வந்து இறங்கி, கைப்பேசியில் படத்தைக் காட்டி, "இந்த ஊஞ்சலைக் கொடுப்பாங்களா?" என்று காவல்காரரிடம் கேட்டிருக்கிறார். படம், நான் அனுப்பிய ஆல்பத்தில் இருந்தது. வீட்டு ஆச்சி சென்னையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்: "தம்பி, வீடு எங்கே இருக்குன்னு நாங்க யாருக்கும் சொல்லலையே. அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பழைய சாமான் வாங்க வந்த வியாபாரியாக இருக்கலாம், வேறு எவராகவும் இருக்கலாம். பூட்டிய வீடு, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் படங்கள், வீடு இருக்கும் இடம் ஆகிய மூன்றும் ஒரே லிங்க்கில் இருந்தன. அதை அன்றைக்கே சரிசெய்தேன். அந்த வேலையைத்தான் கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

உங்கள் கணக்கில் திறந்து பார்த்தால் எல்லாமே தெரியும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. லிங்க்கை நகலெடுத்து, குரோமில் Incognito சாளரத்தைத் திறந்து அதில் ஒட்டுங்கள். எந்தக் கணக்கிலும் நுழையாமல் பாருங்கள். லிங்க் கிடைத்த ஒரு வெளியாள் காண்பது இதுதான்.

படங்கள் திறந்துவிட்டால் லிங்க் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கணக்கில் நுழையச் சொன்னாலோ அனுமதி கேட்டாலோ, குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும்தான் திறந்திருக்கிறது. படங்கள் திறந்தால், கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைத் தொட்டு "i" குறியை அழுத்துங்கள். பிறகு அதே படத்தை இறக்கி வையுங்கள், பின்னால் தேவைப்படும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பொத்தானை அணைத்தோம் என்பதோடு விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: நாம் அனுப்பாத ஆள் படங்களைப் பார்த்திருக்கிறார்

பெரும்பாலும் காரணம் எளியது. யாரோ லிங்க்கை முன்னனுப்பியிருப்பார்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட லிங்க், அங்கிருந்து சமையல்காரர் குழுவுக்கும் பந்தல்காரர் குழுவுக்கும் போவது சாதாரணம். யாரிடமும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. "நம்ம பந்தல் எப்படி இருக்குன்னு பாருங்க" என்று பெருமையாக அனுப்பியிருப்பார்கள். இந்த வகை லிங்க்குக்கு ஆள் யார் என்பது தெரியாது. கையில் வைத்திருப்பவர் எவரானாலும் அதற்கு ஒன்றுதான்.

கூகுள் போட்டோஸில் ஆல்பத்தைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, Options-க்குப் போங்கள். Link sharing இயங்குகிறதா என்று பாருங்கள். அதே இடத்தில் ஆல்பத்தில் சேர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் இருக்கும். அதைப் பார்த்து "தெரியாதவர் யாருமில்லையே" என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். சேர்ந்தவர்கள் மட்டும்தான் அதில் இருப்பார்கள். லிங்க்கைத் திறந்து வெறுமனே பார்த்துவிட்டுப் போனவர்களின் பெயர் அதில் வராது. ஆச்சி வீட்டு ஆல்பத்தில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள், பதினெட்டுப் பேரும் சொந்தம். வண்டியில் வந்தவர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஐபோன் வைத்திருப்பவர்கள் பகிர்ந்த ஆல்பத்தின் அமைப்பில் Public Website என்ற பொத்தானைப் பாருங்கள். அது இயங்கினால், ஆப்பிள் கணக்கு இல்லாதவரும் உலாவியில் ஆல்பத்தைப் பார்க்கலாம். இயங்காவிட்டால் நீங்கள் அழைத்தவர்களுக்கு மட்டும்தான்.

கூகுள் டிரைவ் கோப்புறையாக அனுப்பியிருந்தால் Share பகுதியில் General access என்ன என்று பாருங்கள். Anyone with the link என்றிருந்தால் திறந்திருக்கிறது. Restricted என்றிருந்தால் பெயர் சேர்த்தவர்களுக்கு மட்டும்.

திருத்தம் எளிது: லிங்க்கை அணைத்துவிட்டு, பார்க்க வேண்டியவர்களை அவரவர் மின்னஞ்சல் முகவரியால் சேர்ப்பது. இதற்குத்தான் வீட்டில் முணுமுணுப்பு வரும். அப்பத்தாவுக்கு மின்னஞ்சல் எங்கே இருக்கிறது? சரி, அப்பத்தாவுக்குப் பேரன் கைப்பேசியில் காட்டட்டும். அது முடியாத வீட்டுக்கு நான் இரண்டு ஆல்பமாகப் பிரித்துத் தருகிறேன். மேடையும் ஆட்களும் உள்ள படங்கள் எல்லாருக்கும் திறக்கும் லிங்க்கில் போகும். வீட்டின் உள்பக்கம், சீர்ச் சாமான் பரப்பிய படங்கள், நகை தெரியும் படங்கள் எல்லாம் பெயர் சேர்த்தவர்களுக்கு மட்டும் போகும். ஒரு மணி நேர வேலைதான், நான் இதற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை.

அறிகுறி: படத்தின் விவரத்தில் ஊர்ப் பெயரோ வரைபடமோ தெரிகிறது

ஆச்சியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருந்தது. ஆல்பத்தில் 640 படங்கள். 410 என் கேமராவில் எடுத்தவை. என் கேமராவில் ஜிபிஎஸ் கிடையாது, அதனால் அவற்றில் இடம் பதியவில்லை. மீதி 230 படங்களை வீட்டுப் பிள்ளைகள் தங்கள் கைப்பேசியில் எடுத்துச் சேர்த்திருந்தார்கள். கைப்பேசி கேமராவில் இருப்பிடம் பதியும் வசதி இயங்கினால், ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம், கைப்பேசியின் மாடல் எல்லாம் எழுதப்பட்டுவிடும். படத்தைப் பார்க்கும்போது கண்ணில் படாது. விவரத்தைத் திறந்தால் தெரியும்.

எவ்வளவு துல்லியம் என்று கேட்பார்கள். அட்சரேகையில் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இடம் தெரியும், அதாவது ஊர் தெரியும். நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. 11 மீட்டர் என்றால் எந்த வீடு என்பதோடு, வீட்டின் எந்தப் பக்கம் என்பதும் கிட்டத்தட்டச் சொல்லிவிடும். உள் அறைகளில் எடுத்த படங்களில் புள்ளி கொஞ்சம் தள்ளி விழும். ஆனால் வளவு வாசலில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், மேலே வானம் திறந்திருப்பதால் அங்கே எடுத்த படங்களில் நன்றாகவே பிடிக்கும். ஊஞ்சல் படம் வளவிலிருந்து எடுத்தது.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலில், கூகுள் போட்டோஸின் அதே Options பகுதியில் Share photo location என்ற பொத்தான். அது இயங்கினால் படத்தின் இடம் மற்றவர்களுக்குத் தெரியும். அணைத்துவிட்டு Incognito சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஆச்சி வீட்டு ஆல்பத்தில் இது இயங்கிக்கொண்டிருந்தது. ஆல்பம் என் கணக்கில் இருந்தது, அணைக்க வேண்டியவன் நான்தான். நான் பார்க்கவில்லை.

இரண்டாவது, இடம் பதியாத படத்துக்கும் கூகுள் போட்டோஸ் தானாக ஓர் ஊகத்தைப் போடுவதுண்டு. படத்தில் தெரிந்த ஓர் அடையாளத்தைக் கண்டால், உதாரணமாகப் பிள்ளையார்பட்டி கோயில் கோபுரம், இடத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். "என் கேமராவில் ஜிபிஎஸ்ஸே இல்லையே, எப்படி ஊர் வந்தது?" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தப் படத்தின் விவரத்தில் இடத்தைத் தொட்டு நீக்கிவிடலாம். அமைப்புகளில் விடுபட்ட இடங்களை ஊகிக்கும் வசதியையும் அணைக்கலாம்.

மூன்றாவது காரணத்தைப் பொத்தானால் சரிசெய்ய முடியாது. படத்திலேயே இடம் எழுதியிருக்கும். நம் பக்கத்து வீடுகளின் முகப்பு வளைவில் முன்னோர் பெயரின் எழுத்துகளைச் சுதையில் வார்த்திருப்பார்கள். அழைப்பிதழ் படத்தில் முழு விலாசமும் இருக்கும். ஆச்சி வீட்டு ஆல்பத்தின் மூன்றாவது படமே அழைப்பிதழ்தான், விலாசத்துடன். அதை எடுத்துவிட்டேன். முகப்புப் படத்தை வெட்டிச் சிறிதாக்கினேன். இதற்குக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் 640 படத்தையும் வேகமாக ஓட்டிப் பார்த்துவிடலாம்.

அறிகுறி: பொத்தானை அணைத்தாகிவிட்டது, ஆனாலும் இறக்கிய படத்தில் இடம் இருக்கிறது

சோதிக்க இறக்கி வைத்த படத்தை இப்போது எடுங்கள். விண்டோஸில் படத்தின் மேல் வலது சொடுக்கு, Properties, அதில் Details. கீழே இறங்கினால் GPS என்ற தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோப்புக்குள் இடம் இன்னும் இருக்கிறது.

முதலில், கோப்பு எந்த வழியாகப் போனது என்று யோசியுங்கள். டிரைவ் கோப்புறை கோப்பை அப்படியே வைத்து அப்படியே கொடுக்கும். போட்டோஸில் அணைத்த பொத்தானுக்கும் டிரைவில் கிடக்கும் படத்துக்கும் தொடர்பே கிடையாது. ஆல்பத்தோடு "முழு அளவுப் படங்கள்" என்று டிரைவ் லிங்க்கும் சேர்த்துக் கொடுக்கும் என்னைப் போன்ற தொழில்காரர்கள் இதில்தான் தவறுகிறார்கள். வாட்ஸ்ஆப்பிலும் இதே வித்தியாசம் உண்டு. படமாக அனுப்பினால் சுருக்கும்போது உள்ளே எழுதிய இடம் போய்விடும். தரம் குறையக் கூடாதென்று Document-ஆக அனுப்பினால் இடமும் சேர்ந்தே போகும்.

ஐபோனிலிருந்து நேராகப் பகிர்பவர்களுக்கு: பகிரும் திரையின் மேலே Options என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதில் Location-ஐ அணைத்துவிட்டு அனுப்பலாம். ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரைவில் ஏற்றுவதற்கு முன்பு கோப்பிலிருந்தே இடத்தை எடுப்பதுதான் சரியான வழி. நாலைந்து படம் என்றால் விண்டோஸின் அதே Details பக்கத்தில் Remove Properties and Personal Information என்பதை அழுத்தி GPS வரிகளை நீக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் exiftool என்ற இலவசக் கருவி இருக்கிறது. முதலில் ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க:

```
exiftool -gps:all -n padam.jpg
```

album என்ற கோப்புறையில் உள்ள படங்கள் எல்லாவற்றிலும் இடத்தை நீக்க:

```
exiftool -gps:all= -xmp:geotag= -r album
```

இதில் ஒரு பொறி இருக்கிறது. கருவி ஒவ்வொரு படத்தின் பழைய நகலையும் `_original` என்று முடியும் பெயரில் அதே கோப்புறையில் வைத்துவிடும். அந்த நகலில் இடம் அப்படியே இருக்கும். முழுக் கோப்புறையையும் இழுத்து டிரைவில் போட்டால் பழைய நகல்களும் சேர்ந்து ஏறிவிடும். அவற்றை வேறு வன்தட்டுக்கு நகர்த்திவிட்டு ஏற்றுங்கள். பழைய நகலை அழிக்கச் சொல்லவில்லை. எந்த ஊரில், எந்த வாசலில் எடுத்த படம் என்பது குடும்பத்துக்கு நாற்பது வருஷம் கழித்து வேண்டியிருக்கும்.

கைப்பேசி வீடியோக்களில் இடம் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். மேலே உள்ள கட்டளை அதை எடுக்காது. வீடியோக்கள் நிறைய இருந்து, அவற்றில் இடம் இருப்பதும் தெரிந்தால், அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வீடியோ வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். தெரியாமல் கட்டளை போட்டு, திரும்ப எடுக்க முடியாத விசேஷ வீடியோவைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: நாம் போடாத படம் வந்திருக்கிறது, அல்லது படம் காணவில்லை

போட்டோஸில் Collaborate இயங்குகிறதா பாருங்கள். இயங்கினால் ஆல்பத்தில் சேர்ந்தவர் யாரும் படம் போடலாம். விசேஷ நாளில் அது வேண்டும், எல்லாரும் போட்டு முடித்த பிறகு அணைத்துவிடுங்கள். படம் காணவில்லை என்றால், அதைப் போட்டவர் ஆல்பத்திலிருந்து விலகியிருக்கலாம். அவர் விலகினால் அவர் போட்ட படங்களும் போய்விடும். மறுபடி சேரச் சொல்லிப் படத்தைப் போடச் சொல்லுங்கள்.

டிரைவில் இது கொஞ்சம் பெரிய பிரச்சினை. Anyone with the link என்பதற்குப் பக்கத்தில் Viewer என்றிருக்க வேண்டிய இடத்தில் Editor என்றிருந்தால், லிங்க் வைத்திருக்கும் எவரும் கோப்புகளை நகர்த்தலாம், கோப்புறையிலிருந்து எடுத்துவிடலாம். உடனே Viewer ஆக்குங்கள். காணாமல் போன கோப்பு பெரும்பாலும் அழிந்திருக்காது. உங்களுடைய கோப்பாக இருந்தால் டிரைவின் தேடலில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
is:unorganized owner:me
```

அதிலும் இல்லாவிட்டால் Trash-ஐப் பாருங்கள், 30 நாள் வரை அங்கே இருக்கும். 30 நாளும் தாண்டிவிட்டால், படம் எடுத்த மெமரி கார்டில் புதிதாக எதையும் எழுதாமல் எடுத்து வைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் போங்கள். நீங்களே நாலு செயலியை ஓட்டிப் பார்த்தால் மீட்பது கடினமாகும்.

அறிகுறி: லிங்க்கை மூடியாகிவிட்டது, ஆனாலும் திறக்கிறது என்கிறார்கள்

முதலில், திறக்கிறது என்று சொல்பவர் ஏற்கெனவே ஆல்பத்தில் சேர்ந்தவரா என்று பாருங்கள். சேர்ந்தவருக்கு லிங்க் தேவையில்லை. வேண்டாதவர் என்றால் பட்டியலில் அவர் பெயரைத் தொட்டு நீக்குங்கள்.

அடுத்தது, அவர் தன் கணக்கில் படங்களைச் சேமித்திருக்கலாம். அது அவருடைய நகல். நீங்கள் ஆல்பத்தையே அழித்தாலும் அவரிடம் இருக்கும். அழித்துவிடும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

டிரைவில் இரண்டு சிக்கல் உண்டு. கோப்புறையை Restricted ஆக்கினாலும், அதற்குள் ஒரு படத்தை நீங்கள் தனியாக லிங்க் எடுத்துப் பகிர்ந்திருந்தால் அந்தப் படம் திறந்தே இருக்கும். அதை அந்தப் படத்தின் Share-இல் போய்த் தனியாக மூட வேண்டும். இரண்டாவது, டிரைவ் கோப்புறையின் லிங்க் மாறாது. இன்று மூடிவிட்டு, அடுத்த மாதம் அத்தைக்காகத் திறந்தால், முன்பு பரவிய அதே பழைய லிங்க் எல்லாருக்கும் உயிர் பெற்றுவிடும். புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, படங்களை அதற்கு நகர்த்தி, அதன் லிங்க்கைக் கொடுங்கள். பழைய லிங்க்கைத் திறப்பவருக்கு வெறும் கோப்புறைதான் தெரியும்.

எப்போது வெளியாளைக் கூப்பிட வேண்டும்

படத்தை வைத்து யாராவது மிரட்டினாலோ, பெண் பிள்ளைகளின் படத்தை வேறு இடத்தில் போட்டிருந்தாலோ, லிங்க்கை மூடுவதற்கு முன்பே அந்த உரையாடலையும் இணைய முகவரியையும் திரையில் படம்பிடித்து வைத்துக்கொண்டு, cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். அதில் பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதிக்காமல் பேசுங்கள்.

பூட்டிய வீட்டைத் தேடி ஆள் வந்துவிட்டால் அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய வேலை. ஆச்சி வீட்டில் அதைத்தான் செய்தோம். லிங்க்கை மூடி, Share photo location-ஐ அணைத்து, 230 கைப்பேசிப் படங்களையும் இடம் நீக்கிப் புது ஆல்பத்தில் போட்டேன். பழைய ஆல்பத்தைத் திறந்தபோது இருந்த நிலையையும், இடம் தெரிந்த படத்தின் விவரப் பக்கத்தையும் அச்செடுத்து ஆச்சியின் தம்பியிடம் கொடுத்தேன். அவர் ஊருக்கு வந்து, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக் காவல்காரரிடம் வண்டி எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஊஞ்சலைக் கழற்றி உள் அறையில் வைத்துவிட்டுத்தான் சென்னைக்குப் புறப்பட்டார்.